அந்த ஒண்ணு யாரு?

எங்கள் சித்தியைக் கடைக்கு வரும் பெண்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே, "கத்தரி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று பதில் வந்தால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். அந்தக் கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூடும் சத்தம் மேடத்துக்கு, அதாவது கடை முதலாளிக்கு, சுத்தமாகப் பிடிக்காது.

சுருட்டை முடி வெட்டுவதில் சித்தி கெட்டிக்காரி. மற்றவர்கள் தலையை நனைத்து, சீவி நேராக்கி வெட்டுவார்கள். காய்ந்ததும் முடி சுருண்டு மேலே ஏறிவிடும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்து அழுவார். சித்தி நனைக்கவே மாட்டாள். உலர்ந்த முடியில் ஒவ்வொரு சுருளாக விரலில் பிடித்து, அது எங்கே போய் நிற்க விரும்புகிறது என்று பார்த்து வெட்டுவாள். பாதி வேலையில் ஏதாவது பேசினால், "கொஞ்சம் சும்மா இருங்கம்மா, முடி சொல்றது காதுல விழல" என்பாள்.

வெட்டி முடித்ததும் மேடம் தன் போனை எடுத்துக்கொண்டு வருவார். வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டு, முகம் தெரியாமல் பின்னந்தலையை மட்டும் படம் பிடிப்பார். மாலையில் அது கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வரும். கீழே "எங்கள் கைவண்ணம்" என்று எழுதியிருக்கும். எந்தக் கை என்று இருக்காது. வேலை செய்கிறவர்களின் போனெல்லாம் காலையிலேயே கவுண்டருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் போய்விடும். அதனால் சித்தி வெட்டிய அத்தனை தலைகளும் மேடத்தின் பக்கத்தில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

இது சித்திக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை, தனிக்கடை ஆசை வரும்வரை.

எங்கள் தெருவில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. கட்டடக்காரர், எப்போதும் தொப்பி போட்டிருப்பவர், சித்தியை நன்றாக உட்கார வைத்துப் பேசினார். ஆனால் கடைசியில், "இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கடை போட்டு ரெண்டே மாசத்துல ஓடிட்டாங்கம்மா. உங்க வேலை எப்படின்னு நான் பார்க்கணும். வர்ற வியாழக்கிழமை கொண்டு வந்து காட்டுங்க" என்றார்.

"என்னத்தடி கொண்டு போறது? அறுத்த முடியையா?" என்று சித்தி என்னிடம் கேட்டாள்.

நான் கடையின் பக்கத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே வலது ஓரத்தில் இருக்கும் ரிப்பன் மாதிரியான குறியைக் காட்டினேன். அதைத் தொட்டால் சேவ் ஆகும், சேவ் செய்தவற்றைத் தனித்தனிக் கலெக்ஷனாகப் பிரித்து வைக்கலாம் என்று சொன்னேன். "இதயத்தை மட்டும் தொட்டுடாத சித்தி. லைக் போட்டா பேரோட தெரியும்."

"இதத் தொட்டா?"

"தெரியாது. கலெக்ஷனையும் நீ மட்டும்தான் பார்ப்ப. நீயா வேற ஆளைச் சேர்த்தாத்தான் அவங்களுக்குத் தெரியும்."

"நான் யாரைடி சேர்க்கப் போறேன், உன்னையே சேர்க்கமாட்டேன்" என்றவள், நகைப்பெட்டி அடுக்குகிற கவனத்தோடு தன் வேலைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சேர்த்தாள். கலெக்ஷனுக்கு "என் கை" என்று பெயர் வைத்தாள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வை என்றேன். "அதான் உள்ள வந்துடுச்சே, எதுக்கு ரெண்டு தடவை?" என்றாள்.

அடுத்து நடந்ததுதான் கூத்து. மேடம் காலையில் எல்லோரையும் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தார். கவுண்டர் பெண், நகம் போடுகிற அக்கா, சித்தி, மூவரும் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நம்ம படத்தையெல்லாம் யாரோ சேவ் பண்ணி வெச்சிருக்காங்க. சும்மா ஒண்ணு ரெண்டு இல்ல. யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களா வந்து சொன்னா நல்லது" என்றார் மேடம்.

நகம் போடுகிற அக்காவுக்கு விக்கல் வந்துவிட்டது. கவுண்டர் பெண் சித்தியின் காதில், "தேதி, நேரம் எல்லாமே காட்டுமாம் அக்கா. என் மச்சான் சொன்னார்" என்றாள். அவள் மச்சான் பழைய டயர் வாங்கி விற்பவர்.

அன்று மாலை சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். "நீ தெரியாதுன்னு சொன்ன. அவங்க தெரியும்கிறாங்க. யாரடி நம்புறது?"

"அவங்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும் சித்தி. கடைக்கணக்கா வெச்சிருக்கிறதால எத்தனை பேர் சேவ் பண்ணாங்கன்னு காட்டும். பேரு காட்டாது."

"பள்ளிக்கூடம் முடிச்சு வீட்ல உட்கார்ந்திருக்கிற, உனக்கு எப்படித் தெரியும்?"

அது கொஞ்சம் சுட்டது. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று என் கணக்கையும் மேடத்துடையதுபோல் தொழில்முறைக் கணக்காக மாற்றினேன். எங்கள் வீட்டுப் பூனை பால் சட்டிக்குள் தலையை விட்டிருந்ததைப் படம் பிடித்துப் போட்டேன். சித்தியை விட்டு அதை சேவ் செய்ய வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளிவிவரத்தைத் திறந்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். ரிப்பன் குறிக்குப் பக்கத்தில் "1" என்று இருந்தது. தொட்டுப் பார்த்தோம், தேய்த்துப் பார்த்தோம். எந்தப் பெயரும் வரவில்லை.

"பார்த்தியா? வெறும் ஒண்ணு. பேரே இல்ல."

சித்தி போனை உற்றுப் பார்த்தாள். "அந்த ஒண்ணு நான்தான்னு உனக்குத் தெரியுதே!"

"நீ என் எதிர்ல உட்கார்ந்து பண்ணின சித்தி!"

"அதான் சொல்றேன். எப்படியோ தெரிஞ்சு போகுது இல்ல?"

பூனைகூட அந்த வாதத்தைக் கேட்க முடியாமல் எழுந்து போய்விட்டது.

மறுநாள் மேடம் டவல் மடித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சித்தி பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், சித்தி முந்திக்கொண்டாள்.

"மேடம், நான்தான் மேடம்."

"என்ன நீதான்?"

"சேவ் பண்ணது. எல்லாம் நான் வெட்டினதுதான் மேடம், வேற யாரோடதும் எடுக்கல. அந்த ரூமுக்காரர் வேலையப் பார்க்கணும்னு கேட்டார்…"

"எந்த ரூம்?"

அப்போதுதான் சித்திக்கு விஷயம் உறைத்தது. மேடத்துக்கு ரூமும் தெரியாது, கலெக்ஷனும் தெரியாது, ஒன்றுமே தெரியாது. சாலைக்கு அந்தப் பக்கம் அழகு நிலையம் வைத்திருக்கும் எதிர்க்கடைக்காரி தன் படங்களைப் பார்த்து காப்பி அடிக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, கடைக்குள் யாராவது அவளுக்கு ஆளாக இருக்கிறார்களா என்று சும்மா மிரட்டிப் பார்த்திருக்கிறார். ஆனால் ஆரம்பித்த வாயை அடைக்க முடியவில்லை. மருந்துக்கடைப் பக்கத்து அறை, கண்ணாடி எங்கே மாட்டுவது, சுவருக்கு என்ன நிறம் என்பதுவரை சித்தி சொல்லி முடித்தாள்.

மேடம் டவலை மேஜைமேல் வைத்தார். "ஓஹோ. என் பக்கத்துல இருந்து படம் எடுத்து, என் வாடிக்கையாளரைக் கூட்டிட்டுப் போகப் போறியா? கடை போட்டுக்கோ. நாளையிலிருந்து இங்க வராத."

சித்தி கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வேலை போன துக்கத்தில் ஆறுதலுக்காக "என் கை"யைத் திறந்தாள். உள்ளே ஒரு படமும் இல்லை. பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

"அடியே, என் கையக் காணோம்டி!"

அம்மா சமையலறையிலிருந்து என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தாள்.

நான் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். சித்தி வெட்டிய தலைகளை எல்லாம் மேடம் நீக்கியிருந்தார். "சேவ் பண்றதுன்னா உன் வீட்டுக்கு எடுத்துட்டு வர்றது இல்ல சித்தி. அவங்க வீட்ல இருக்கிறதுக்கு நீ ஒரு அடையாளம் வெச்சிருக்க. அவங்க எடுத்துட்டா அடையாளம் மட்டும் என்ன செய்யும்?"

"இத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"ஸ்கிரீன்ஷாட் எடுன்னு சொன்னேனே!"

"அதுக்கு இதுதான் அர்த்தம்னு நீ சொன்னியா?"

வியாழக்கிழமை சித்தியோடு நானும் போனேன். வேலை இல்லை, படம் இல்லை. இந்த அறையும் கிடைக்காவிட்டால் அவள் எதிர்க்கடைக்காரியிடம்தான் போய் நிற்க வேண்டும். கைப்பையில் கத்தரியும் சீப்பும் மட்டும் இருந்தன. தலையைக் காட்டுங்கள், உங்களுக்கே வெட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிடலாம் என்பது அவள் திட்டம்.

கட்டடக்காரர் கதவைத் திறந்தார். அன்றைக்குத் தொப்பி போட்டிருக்கவில்லை. அவர் தலை, கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி பளபளத்தது. சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கம்மா, காட்டுங்க."

சித்தி போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "என் கை. சரி. கை எங்க?"

"இருந்துச்சுங்க. மேடம் அழிச்சுட்டாங்க."

"ஓடிப்போன அந்த ரெண்டு பேர்கூட எதையாவது காட்டினாங்கம்மா."

அந்த நேரத்தில் உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். பெரிய சுருட்டை முடியை ஒரு துணியால் இறுக்கிக் கட்டி, கூடை கவிழ்த்ததுபோல் வைத்திருந்தார். "எந்த மேடம்? பேருந்து நிறுத்தம் பக்கத்துல இருக்கிற கடையா? என்னங்க அநியாயம், அங்க போட்டிருந்த ஒரு படத்தை எத்தனை நாளா சேவ் பண்ணி வெச்சிருந்தேன். அதே மாதிரி வெட்டிக்கணும்னு. நேத்து பார்த்தா காணோம்."

"எந்தப் படம்மா?" என்றாள் சித்தி.

"பின்னாடி கழுத்து வரைக்கும் உருண்டு நிக்கும். இடது பக்கம் ஒரு சுருள் மட்டும்…"

"அடங்காம வெளிய வந்து நிக்கும். அத நான் வெட்டாம விட்டேன்மா. வெட்டினா அந்தம்மாவுக்கு அங்க இருந்த தழும்பு தெரிஞ்சிருக்கும்."

கட்டடக்காரர் மனைவி தலையில் கட்டியிருந்த துணியை அங்கேயே அவிழ்த்தார். "தண்ணி வேணுமா?"

"தண்ணியே வேண்டாம்மா. ஒரு நாற்காலி போதும்."

பால்கனியில் செய்தித்தாள் விரித்து, கட்டடக்காரரின் பழைய சட்டையைப் போர்த்தி சித்தி வெட்டினாள். கட்டடக்காரர் இரண்டு முறை பேச வாயெடுத்தார். இரண்டு முறையும் சித்தி, "கொஞ்சம் சும்மா இருங்கய்யா" என்றாள். முடித்ததும் மனைவி குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் வெகுநேரம் திரும்பித் திரும்பி நின்றார். கடைசியில் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "சாவியைக் குடுங்க."

இப்போது மருந்துக்கடைக்குப் பக்கத்தில் சித்தியின் கடை இருக்கிறது. போன் போடுகிற கூடை அங்கே கிடையாது. கடைக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்து, கட்டடக்காரர் மனைவியின் பின்னந்தலையை, அவரிடம் கேட்டுவிட்டு, முதல் படமாகப் போட்டோம். படத்தின் நகல் சித்தியின் போனில் ஒன்று, என் போனில் ஒன்று, அம்மா போனில் ஒன்று இருக்கிறது. கீழே சித்தி தன் முழுப்பெயரையும் போட்டுக்கொண்டாள்.

சாயந்திரம் புள்ளிவிவரத்தைத் திறந்தேன். சேவ், ஒன்று.

"யாருடி?"

"தெரியாது சித்தி. தெரிய வழியே இல்லைன்னு பூனையை வெச்சே காட்டினேன் இல்ல?"

சித்தி சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டே, பேருந்து நிறுத்தம் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "மேடம்தான்."