நாற்பத்தெட்டு

எங்கள் முதியோர் இல்லத்து ஸ்டோர் அக்காவுக்கு அளந்து பேசும் வாய். அலமாரியில் எது எத்தனை என்று கேட்டால், கணினியைப் பார்க்காமலே சொல்லுவாள். நான் அங்கே பராமரிப்பாளராக இருந்தேன். சரக்கு தீர்ந்தால் முதலில் அடிபடுவது என் கைதான்.

குடல் அறுவை செய்த மூன்று பேருக்குச் சேர்த்து, மலம் சேர வயிற்றில் ஒட்டும் பை தினம் நான்கு செலவாகும். ஆர்டர் போட்டால் வர ஒன்பது நாள். முப்பத்தாறோடு, தாமதத்துக்கென்று பன்னிரண்டும் சேர்த்து, இருப்பு நாற்பத்தெட்டுக்கு இறங்கியதும் மேலாளருக்கு மெயில் போகும்படி அவள் கணினி அட்டவணையில் வைத்திருந்தாள்.

ஆர்டர் போட்ட பிறகும் சரக்கு வரும்வரை தினமும் மெயில் போனது. மேலாளருக்கு எரிச்சல்.

"ஏம்மா, ஒரே மெயில் வந்து உசுர வாங்குது."

"ஆர்டர்ல இருக்கிறதையும் இருப்போட கூட்டுற மாதிரி ஒரு கட்டம் சேர்த்தா நின்னுடும் சார். அரை மணி நேர வேலை."

"அப்புறம் பாத்துக்கலாம்."

மகள் பிரசவத்துக்கு அக்கா பத்து நாள் விடுப்பில் போனாள். மறுநாளே மேலாளர் எல்லாப் பொருளுக்கும் மெயில் போகும் எல்லையைப் பத்து என்று மாற்றிவிட்டார். மெயில் நின்றது. நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அக்கா திரும்பிய காலையில்தான் பைக்கான மெயில் வந்தது. கையிருப்பு பத்து. இரண்டரை நாளுக்குத்தான் வரும்.

அவசர ஆர்டர் போட்டாள். அதே ஒன்பது நாள் என்றார்கள். ஊரிலுள்ள மருந்துக்கடை எல்லாம் அலைந்து கொஞ்சம் வாங்கி வந்தாள்; ஆனால் வயிற்றில் பொருந்தும் துளை பெரிய ரகம். மூவரில் இருவருக்கு அது பொருந்தியது. மூன்றாமவரான தையல்காரப் பெரியவருக்குப் பொருந்தவில்லை. ஓரமாகக் கசிந்தது. நான் நாளுக்கு ஐந்து முறை துடைத்து, களிம்பு தடவினேன். மூன்றாம் நாளே தோல் உரிந்துவிட்டது.

"நாப்பது வருசம் துணி வெட்டினேன்மா. அளவு தப்பினா எங்க கிழியும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். துணியை விலக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "மெயில்தான் வந்துச்சே? ஸ்டோர் என்ன பண்ணுச்சு?"

அட்டவணையில் யார், எந்த நாளில் எதை மாற்றினார்கள் என்ற பதிவை அச்செடுத்து, அக்கா மேசையில் வைத்தாள். அவர் அதை மடித்து ஃபைலுக்குள் செருகிக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. பழைய எண்ணையே போடுங்க. அந்தக் கட்டத்தையும் சேர்த்துடுங்க."

அன்று மாலையே அக்கா சேர்த்தாள். சொன்னபடி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சரியான பை வந்த பிறகும் புண் ஆற ஐந்து வாரம் பிடித்தது. பெரியவர் அதன்பின் சாப்பாட்டு அறைக்கு வரவே இல்லை. "நாத்தம் வரும்மா, அவங்க சாப்பிடட்டும்" என்பார். நாற்றம் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். கடைசிவரை அவர் தட்டை நான்தான் அறைக்கு எடுத்துப் போனேன்.