பதினொரு முறை வரவான பணம்

லெட்ஜர்காரருக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. அதுவும் வகுப்புதான் அவரைத் தாண்டிப் போனது. வங்கியில் தண்ணீர்ப் பானை சுமக்கச் சேர்ந்தவர், கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றார். யாரும் தூக்கிவிடவில்லை. இப்போது நகலகத்தின் மூலையில் மேசை போட்டு, எழுத்து மங்கிப்போன பாஸ்புக்கையெல்லாம் படித்துப் பட்டியல் போட்டுத் தருகிறார். பெரிய படிப்பாளிகள்தான் அதிகம் வருவார்கள்.

அன்றும் ஒரு படிப்பாளி வந்தார், பி.காம். கையில், செத்துப்போன அப்பாவின் பாஸ்புக், கணினியில் அடித்த பட்டியல், வீட்டுப் பங்குப் பத்திரம். பின்னால் தங்கை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"பெரியவரே, என் பட்டியல்படி மூணு லட்சத்து அறுபத்தேழாயிரத்து அறுநூறு குறையுது. இவ எடுத்துட்டா. வீட்டுப் பங்குல கழிச்சுட்டோம். நீங்க சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"நான் ஒரு ரூபா தொடலைங்கய்யா," என்றாள் தங்கை.

லெட்ஜர்காரர் பாஸ்புக்கைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தார். மை மங்கினாலும் அச்சு குத்திய தடம் காகிதத்தில் இருக்கும். ஊதா முத்திரை அமுக்கிய ஒரு வரியில் நின்றார்.

"இங்க அம்பதாயிரம் எடுத்ததா போட்டிருக்கீங்க?"

"அஞ்சும் சைபர்களும் தெரியுதே."

"மேல் வரியில இருப்பு நாப்பத்திரண்டாயிரத்து நூத்தம்பது. அதுல அம்பதாயிரம் எடுக்க உங்கப்பா என்ன, பெட்டகச் சாவியை இடுப்புல சொருகியிருந்தாரா? கீழ் வரி முப்பத்தேழாயிரத்து நூத்தம்பது. எடுத்தது அஞ்சாயிரம். கழிக்கத் தெரிஞ்சா முத்திரை மறைக்காது தம்பி."

"அப்படின்னா குறையுறது இன்னும் நாப்பத்தஞ்சாயிரம் கூடுதே!" பி.காமின் முகம் மலர்ந்தது. தங்கை வெளிறினாள்.

"பொறுங்க. ஒவ்வொரு பக்கத்து உச்சியிலயும் கையால எழுதியிருக்கே, 'முன்பக்க இருப்பு'. அதை என்ன செஞ்சீங்க?"

"வரவுல போட்டேன். பெரிய தொகையாச்சே."

"பேஷ்! ஒரே பணம் பக்கம் திருப்பும்போதெல்லாம் குட்டி போட்டிருக்கு. பதினொரு பக்கம், பதினொரு பிரசவம்." அந்தப் பதினொன்றையும் கூட்டினார்: நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. நாற்பத்தைந்தாயிரத்தைக் கழித்தார். மீதி, தங்கை தலையில் சுமத்திய தொகை, காசு பிசகாமல்.

புதுப் பட்டியலை வரி வரியாக எழுதினார். மங்கிய தொகைக்கு எதிரே 'இருப்பிலிருந்து கணித்தது' என்று குறித்தார். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தார். பதினெட்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. பாஸ்புக்கின் கடைசி வரியும் அதுவே.

"அப்போ அந்தப் பணம்?" பி.காம் கேட்டார்.

"உங்க கணினியில இருக்கு. எடுத்துச் செலவு பண்ணுங்க."

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணா, பங்குப் பத்திரத்துல என் பேருக்கு நேரா கழிச்சீங்களே, அதை இங்கயே அடிங்க. அய்யா சாட்சியா இருக்கட்டும்."

அண்ணன் பேனா தேடுவதாகச் சட்டைப்பையைத் தடவினார். லெட்ஜர்காரர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். கழித்த வரி அடிபட்டது. பக்கத்தில் சுருக்கொப்பம் விழுந்தது. பத்திரத்தைத் தங்கைதான் மடித்து எடுத்துக்கொண்டாள்.