மங்கலாக விழுந்த ‘ய’

டைப்ரைட்டிங் லோயர் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது என் இடது கை மரத்தது. அம்மாவும் அக்காவும் வீட்டில் இருந்தார்கள். ராஜபாளையத்துத் தறியில் பேண்டேஜ் துணி நெய்யும் அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார்.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரல் பாதியும் எறும்பு ஊர்வதுபோல் கூசின. முழங்கை உட்புறம் வலித்தது. அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு: தமிழ் மெஷினில் ‘ய’ இடது சுண்டுவிரலுக்கு உரியது. வகுப்பில் நான் அடித்த தாளில் ‘ய’ மட்டும் மங்கலாக விழுந்தது. பாஸானால் மில் ஆபீசில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான்.

“இடது கை மரத்தா நெஞ்சுக் கோளாறும்பாங்களே” என்று அம்மா அழத் தொடங்கினாள்.

“நெஞ்சா? இவன் தகரப்பெட்டி மேல முட்டங்கைய ஊனி, கன்னத்துல கைய வச்சு ராப்பகலா படிக்கான். பெட்டியே குழிஞ்சு போச்சு” என்றாள் அக்கா.

சாயங்காலம் வந்த அப்பா சிரித்தார். “ஊருக்கெல்லாம் கட்டுத் துணி நெய்யுதோம், எம்பிள்ளைக்குக் கெடைக்காதா?” அரை ரோல் துணியில் கையை மடக்கித் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டினார். கையை ஆட்டாமல் இருந்தால் சரியாகுமென்று எல்லோரும் நம்பினோம். மூன்று நாளில் கூச்சம் இரண்டு மடங்கானது.

நாலாம் நாள் அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை மின்சாரம் ஓடியது. கையை மடக்கி வைக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் கூச்சம் ஏறியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தாளைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். என் பிடியிலிருந்து தாள் வரவில்லை.

“நெஞ்சு நல்லாருக்கு தம்பி. விரலுக்குப் போற நரம்பு இந்த எலும்பை ஒட்டித்தான் போவுது. ஊனினா நசுங்கும், மடக்கினா இழுபடும். இந்தத் தூளிய யாரு கட்டுனது?”

“நாந்தாங்க” என்றார் அப்பா. “நம்ம தறித் துணி.”

“துணி நல்ல துணிதான் பெரியவரே. மடக்கிக் கட்டுனதுதான் தப்பு. தூங்கையில கைய நீட்டி, முட்டங்கையில துண்டைச் சுத்தி, மேல லூசா இதக் கட்டுங்க. பகல்ல எதுலயும் ஊனக் கூடாது. பலம் கொறையல, கொஞ்ச வாரத்துல சரியாகும். சதை வத்துனா மட்டும் மதுரைக்குப் போகணும்.”

திரும்புகையில் பஸ் ஜன்னலில் முழங்கையை வைத்தேன். “ஏலே, எடு!” என்றார் அப்பா. பிறகு தினமும் படுக்கும் முன் அவரே கட்டினார்; நெய்வதைவிட மெதுவாக.

மூன்றாம் வாரம் கூச்சம் விரல் நுனியோடு நின்றது. தேர்வில் ‘ய’ கறுப்பாக விழுந்தது. பாஸானேன்.

இலவச ஆஸ்பத்திரி. பஸ்ஸுக்கு நாலு ரூபாய், அப்பா விட்ட அரைநாள் கூலி பதினைந்து. அந்த ‘ய’ கறுப்பாக விழ ஆன செலவு மொத்தம் பத்தொன்பது ரூபாய்.