யாரு உறிஞ்சுதா?

எங்கள் ஊராட்சித் தலைவரின் கிராமசபை உரையை எப்போதும் ஊராட்சிச் செயலரான நான்தான் எழுதுவேன். இந்த முறை அவர் அதை மகளிர் குழு முத்துப்பேச்சியிடம் நீட்டி, "நம்ம பேச்சுல மாத்திக் குடும்மா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

'குடிநீர்க் குழாய்களில் மின்மோட்டார் பொருத்தி நீர் உறிஞ்சப்படுவது தவிர்க்கப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தேன்.

"யாரு சார் உறிஞ்சுதா?" என்றாள்.

"அதையெல்லாம் மேடையில சொல்லக் கூடாது."

அவள் சொல்ல வைத்தாள். "டேங்குத் தெரு மக்கா, குழாயில மோட்டார் வைக்காதிய. நீங்க உறிஞ்சுனா கடைசித் தெருவுக்கு வெறும் காத்துல்லா வருது!" என்று கிராமசபையில் தலைவர் வாசித்ததும் கூட்டம் சிரித்தது. டேங்குத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, "நாளைக்கே கழட்டிருதேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவளை மறித்தேன். "ஏம்மா, மண்டைய ஒடச்சு எழுதுனது நானு, கைதட்டு மட்டும் ஒனக்கா? நல்லா இருக்கே ஒங்க நியாயம்!"

முத்துப்பேச்சி சிரித்துவிட்டாள்.

"இப்ப பேசுனியள்லா, இதே மாதிரி எழுதியிருந்தா என்னைய ஏன் சார் கூப்பிடப் போறாவ?"