பிளஸ் மேலே இருந்தது

பழிவாங்கும் எண்ணத்தோடு படித்தால் பாடம் சீக்கிரம் மண்டையில் ஏறும். எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டில் மூன்று வாரம் நான் அப்படித்தான் படித்தேன். டயோடு, டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப் மூன்றையும் கரைத்துக் குடித்தேன். வேலை கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் எங்கள் வகுப்பின் ப்ளேஸ்மென்ட் ரெப்.

ரெப் என்றால் வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகளுக்கும் மாணவர்களுக்கும் நடுவில் ஓடியாடுகிற மாணவன். எங்கள் ரெப் பொங்கலூர்ப் பக்கத்துக்காரன், படிப்பில் கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை. சீனியர்களிடம் கேட்டுத் தொகுத்த கேள்வி–பதில் கட்டு ஒன்று அவனிடம் இருந்தது. அறுபது பக்கம். அதை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தான். ஜீனர் டயோடை ஏன் ரிவர்ஸ் பயாஸில் வைக்கிறோம், இரண்டு டயோடுகளை முதுகோடு முதுகாக இணைத்தால் டிரான்சிஸ்டர் ஆகுமா, ஐடியல் ஆப்-ஆம்ப்பின் குணங்கள் என்ன என்று வரிசையாக இருக்கும். அவனைக் கேட்காமல் எங்கள் வகுப்பில் எலெக்ட்ரான்கூட நகராது.

துறைத்தலைவர் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தும் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவார். ஒரு நாள் என்னை முன்னால் உட்கார வைத்தான். மேசையில் சும்மா கிடக்கிற ஒரு சிலிக்கான் டயோடின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் எவ்வளவு வோல்ட் காட்டும் என்று கேட்டான். டயோடுக்குள் இருக்கும் வோல்டேஜுக்குப் பெயர் பேரியர் பொட்டென்ஷியல் என்று மனப்பாடம் செய்திருந்தேன். யோசிக்காமல் 0.7 என்றேன்.

"ஏனுங்க, அப்பப் பத்து டயோட வரிசையாக் கோத்தா ஊட்டுக்குக் கரண்டு பில்லே கட்ட வேண்டாமுங்களா?"

வகுப்பே சிரித்தது. அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பதில் தப்புதானே. உள்ளே இருக்கும் அந்த வோல்டேஜை இரண்டு பக்க உலோக முனைகளில் உண்டாகும் வோல்டேஜ் சரிக்கட்டிவிடும், மீட்டர் சுழியம்தான் காட்டும். ஆனால் அவன் விடவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "செக்கிங்ல உக்காரப் போறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்றான். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்கும் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நாள் முதல் அதே வேலை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

மரியாதையாக 'ங்க' போட்டுத் திட்டினால் எரிச்சல் இரண்டு மடங்காகிறது. அன்று சாயங்காலமே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் 'பேட்டரி' ஆகிவிட்டது. எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் மங்கலத்துக்காரி. வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள், மதியச் சோற்றைப் பங்கு போடுவாள். "அவன் கெடக்கறான் வுடு" என்று அவள்தான் சொன்னாள். நான் விடவில்லை.

ரெப் கொடுத்த கேள்வி–பதில் கட்டை மூடி வைத்துவிட்டு லேபில் போய் உட்கார்ந்தேன். மனப்பாடம் என்னை ஒரு முறை அவமானப்படுத்தியது போதும் என்றிருந்தது. டிரான்சிஸ்டரை ஸ்விட்சாகப் போட்டு, அது முழுதாகத் திறந்து நிற்கும் சாச்சுரேஷனில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 0.2 வோல்ட்தான் நிற்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன். இரண்டு டயோடுகளை முதுகோடு முதுகாகக் கோத்துப் பார்த்தேன், ஒன்றும் பெருகவில்லை. நடுவில் இருக்கும் பேஸ் மெல்லியதாக இருந்தால்தான் எமிட்டரிலிருந்து கிளம்பியது கலெக்டர் வரை போய்ச் சேரும் என்பது அப்போதுதான் உறைத்தது.

741 ஆப்-ஆம்ப்பில் ஒரு நாள் தடுமாறினேன். இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர் போட்டிருந்தேன். அவுட்புட் பதினோரு வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. ஐசி போய்விட்டது என்று இரண்டு ஐசி மாற்றினேன். கடைசியில் பார்த்தால் இரண்டாவது காலுக்குப் போக வேண்டிய கம்பி மூன்றாவது காலில் இருந்தது. அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் ஃபீட்பேக் மைனஸுக்குப் போகாமல் பிளஸுக்குப் போயிருக்கிறது. மைனஸுக்குத் திரும்பினால் அவுட்புட்டை அடக்கும், பிளஸுக்குத் திரும்பினால் இன்னும் தள்ளிவிடும். ஸ்மிட் டிரிகர் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான் என்று லேப் உதவியாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

வந்த கம்பெனிகள் பெரும்பாலும் மென்பொருள் கம்பெனிகள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி அந்த வருடம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு கண்ட்ரோல் போர்டு செய்கிற கம்பெனி. நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் எல்லாம் அவர்கள் செய்வது. எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை எடுப்பதாகச் சொன்னார்கள். ரெப் அதில் ஒரு இடம் தனக்கு என்று முடிவே கட்டியிருந்தான். மங்கலத்துக்காரிக்கும் அது வேண்டும். கிடைக்காவிட்டால் படித்து முடித்ததும் கல்யாணம் என்று அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். நேர்முகத் தேர்வு நாள் காலையில் அம்மா என்னிடம், "ஒழுங்கா வாயத் தொறந்து பேசுட்டி" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் என்ன கேட்டார்கள் என்று வெளியே காத்திருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அப்புறம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ரெப் அதற்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்பான். வந்தவர்கள் சொல்வதை எழுதி, பக்கத்தில் பதிலும் எழுதி, அடுத்தவர்களிடம் நீட்டுவான். வரிசையில் நான் இரண்டாவது. ரெப்பும் மங்கலத்துக்காரியும் எனக்குப் பின்னால்.

முதலில் போனவனிடம் ஜீனர் பற்றியும் எமிட்டர் ஃபாலோயர் பற்றியும் கேட்டிருந்தார்கள். என்னிடம் கேட்டவர் ஒரு தாளில் படம் போட்டார். ஆப்-ஆம்ப்புக்கு ஒரு முக்கோணம், கீழ்க் காலுக்கு கிரவுண்ட், மேல் காலுக்கு ஒரு கிலோ ஓம் வழியாக இன்புட், அவுட்புட்டிலிருந்து அதே மேல் காலுக்குப் பத்து கிலோ ஓம். சப்ளை பிளஸ் மைனஸ் பன்னிரண்டு. அரை வோல்ட் கொடுத்தால் அவுட்புட் என்ன? எங்கள் கேள்வி–பதில் கட்டில் இருக்கும் படத்தின் அச்சு அசல். பத்து மடங்கு, திருப்பிப் போட்டால் மைனஸ் ஐந்து. ஆனால் கட்டில் மைனஸ் இருக்கும் மேல் காலில் அவர் பிளஸ் போட்டிருந்தார்.

அவுட்புட் ஏதாவது ஒரு பக்கம் பதினோரு வோல்ட் அளவில் ஒட்டி நிற்கும், எந்தப் பக்கம் என்பது முன்பு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது என்றேன். அரை வோல்ட் அதை அசைக்காது, எதிர்ப்பக்கமாக ஒன்று புள்ளி ஒன்று வோல்ட்டைத் தாண்டினால்தான் புரளும் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒன்று எதற்கு உதவும் என்று கேட்டார். மெஷின் அதிர்விலும் பஞ்சுத் தூசியிலும் சென்சார் சிக்னல் ஆடும், சாதாரணக் கம்பேரேட்டர் போட்டால் நூல் அறுந்தது, அறவில்லை என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருக்கும், இது அப்படித் துள்ளாது என்றேன். அவர் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தால் ரெப் நோட்டோடு நிற்கிறான்.

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு அவன் நியாயம் பேசுவான், ஊரே அவன் பக்கம் நிற்கும். அதனால் உண்மையைச் சொன்னேன், ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்து சொன்னேன். படத்தையும் எண்களையும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, தலையைச் சொறிந்து, "பிளஸ் மேல இருந்துச்சோ என்னமோங்க. பதினொண்ணுல ஒட்டிக்கும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றேன். அவன் என்னை நம்ப மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் நம்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குரல்.

"பேட்டரி, படத்தத் தலகீழாப் பாத்துட்டு வந்துட்டீங்க" என்றான். நோட்டில் படத்தைப் போட்டு, மேல் காலில் மைனஸ் எழுதி, பக்கத்தில் மைனஸ் ஐந்து என்று கட்டம் கட்டினான். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அந்தச் சந்தோஷம் இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

அப்போது மங்கலத்துக்காரி நோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நிஜமாகவே பிளஸ்ஸா என்று மெதுவாகக் கேட்டாள். ரெப் பக்கத்திலேயே நின்றான். அவளிடம் ஆமாம் என்று அழுத்திச் சொன்னால் அவன் காதிலும் விழும், சட்டென்று யோசித்துவிடுவான். கெட்டிக்காரன்தானே. நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி நகர்ந்துவிட்டேன். அவளிடம் வேறு கேள்வி கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் முடிவு வந்தது. நானும் கடைசியாகப் போன ஒருவனும். ரெப் என்னிடம் வந்து, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்றான். முகம் வெளுத்திருந்தது. மூன்று வாரமாக நான் காத்திருந்த நிமிடம் அது. சொன்னேனுங்களே, நீங்கதான் திருத்துனீங்க என்று அவன் பாணியிலேயே மரியாதையாகச் சொன்னேன். நான் நிதானமாகப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் மங்கலத்துக்காரி வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். வாழ்த்துச் சொன்னாள். கையைப் பிடித்துக் குலுக்கினாள். உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? பல்லடம் தாண்டியதும் அவளாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அதே படந்தான். பிளஸ் மேல இருந்தது நல்லாத் தெரிஞ்சுது. ஒட்டிக்கும்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா நான் கேட்டப்ப நீ ஒண்ணுமே சொல்லலையே, அப்ப நோட்டுல இருக்கறதுதான் சரியாட்ட இருக்குன்னு மைனஸ் அஞ்சுன்னுட்டேன்."