பஞ்சக்காவும் பைப் கம்பெனியும்

எங்கள் மருந்துக் கடையில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். எதற்கு வந்தாலும் ஒரு கட்டுப் பஞ்சு வாங்காமல் போகமாட்டாள். பக்கவாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்துவிட்ட பெரியவர் ஒருவரைப் பதினொரு மாதமாக அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும். "சீக்கிரம் பில்லப் போடு தாயே, ஐயாவப் புரட்டணும்" என்று என் உயிரை வாங்குவாள். சாமான் வாங்குவதற்கு அவருடைய மகள் போன மாதத்திலிருந்துதான் தன் கார்டைக் கொடுத்து வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் பஞ்சக்கா துணிப்பையோடு வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து என்ன வெளிய அனுப்பிட்டாங்க. கார்டு ஸ்டேட்மென்ட்ல ஏதோ பைப் கம்பெனி பேர் மூணு தடவ இருக்காம். ஊர்ல என் தம்பி வீடு கட்டுறான்னு வாய் சும்மா இருக்காம சொல்லித் தொலச்சேன். அதுக்குப் பைப் வாங்கிட்டேங்கறாங்க."

"பில்லு எங்கக்கா?"

அவள் நீட்டிய மூன்றும் வெறும் வெள்ளைத் தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று வெந்நீர் பிளாஸ்க்குக்கு அடியிலேயே வைத்திருக்கிறாள், புண்ணியவதி. நாள்பட்ட இளஞ்சூட்டில் மெஷின் எழுத்தெல்லாம் மங்கி மறைந்துவிட்டது.

"சாயங்காலம், என்ன வேலைக்கு அனுப்புன ஏஜென்சிக்குச் சொல்லிடுவாங்களாம். திருடின்னு எழுதிட்டா எந்த வீட்டுலடி என்னச் சேப்பாங்க?"

கம்ப்யூட்டரில் தேடி மூன்று பில்லையும் மறுபடி எடுத்தேன். தேதி சொல்லி, தொகை சொல்லி அந்த மகளுக்கு நானே போன் செய்தேன்.

"தொகை சரிதான். ஆனா பில்லுல உங்க கடை பேர், ஸ்டேட்மென்ட்ல பைப் கம்பெனி பேர். ரெண்டு பேரும் சேர்ந்து பில் தயார் பண்றீங்களா?" என்று வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கடித்துத் துப்பியிருப்பேன். முதலாளியைக் கூப்பிட்டால் மனிதர் எடுக்கவே இல்லை.

பஞ்சக்கா பையைத் துழாவித் தன் சொந்தக் கார்டை எடுத்தாள். "இதுல ஒரு பஞ்சு போடு. உங்க மெஷின் என்ன பேர் சொல்லுதுன்னு பாப்போம்."

போட்டேன். மெஷின் துப்பிய சீட்டின் தலைப்பில், கடுகளவு எழுத்தில், பைப் கம்பெனி! மறு நிமிஷமே அவள் போனுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. அதிலும் அதே பெயர்தான். தலையில் அடித்துக்கொண்டேன். முதலாளி முதலில் பைப் வியாபாரம்தான் செய்தார். மருந்துக் கடை வைத்தபோது அந்தப் பழைய கம்பெனியின் பேரிலேயே, அதன் வங்கிக் கணக்குக்கே மெஷினை வாங்கிவிட்டார். கடைக்கு வெளியே எந்தப் பலகை தொங்கினால் வங்கிக்கு என்ன? மெஷின் எந்தப் பேரில் பதிவாகியிருக்கிறதோ, அதுதானே ஸ்டேட்மென்டில் வரும்! ஒரு நாளைக்கு நூறு சீட்டுக் கிழிக்கிற நான் ஒரு நாளாவது மேல் வரியைப் படித்தேனா? என் அலட்சியத்தில் ஒருத்தி பிழைப்புப் போகப் பார்த்தது.

கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். மகள்தான் கதவைத் திறந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். சீட்டையும் குறுஞ்செய்தியையும் பார்த்தாள், தன் போனில் ஸ்டேட்மென்டைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். முகம் வெளிறிப் போயிற்று.

"அக்கா... நான்..."

பஞ்சக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. நேராக உள்ளே போய்ப் பெரியவரின் போர்வையை விலக்கினாள்.

"கடைசியா எப்பம்மா புரட்டினீங்க?"

நேற்றிலிருந்து அவர் ஒரே பக்கமாகவே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பின் மேல் தோல் உரிந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கசிந்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூட அந்த மனிதருக்கு வாய் இல்லை. கண்ணோரம் மட்டும் ஈரமாக இருந்தது.

"பதினோரு மாசம்! ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டேனே, பாவி!" என்று பஞ்சக்கா அலறினாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு விசும்பினாள். "மன்னிச்சிடுங்கக்கா, ஏஜென்சிக்கு நான் இன்னும்..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல அந்தப் பக்கம் வந்து தோளப் பிடிங்க."

மகள் ஓடி வந்து பிடித்தாள். பஞ்சக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவள் காசில் வாங்கிய பஞ்சு என் கையிலேயே இருந்தது. நான் உறையைப் பிரித்துக் கொடுத்தேன்.