இரண்டாவது விரல்

எங்கள் வீட்டுப் போனைத் திறக்க இரண்டு விரல் பதிந்திருந்தது. ஒன்று என்னுடையது, மற்றது என் வீட்டுக்காரருடையது. வாங்கிய அன்றே இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கட்டைவிரலை வைத்தோம். யார் முதலில் வைத்தோம் என்று இப்போது நினைவில்லை.

போன வருஷ மழையில் அவர் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு போன் எனக்கு மட்டும்தான். அதுவும் என்னை அடையாளம் தெரியாத மாதிரி நடந்துகொண்டது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற கை. மழையிலும் கறையிலும் ஊறி கட்டைவிரல் வெடித்துக் கிடந்தது. நாலைந்து தடவை வைத்துப் பொருந்தாவிட்டால், விரல் வேண்டாம், நம்பரைப் போடு என்று கேட்கும். முகத்தைக் காட்டினாலும் திறக்கும் என்றார்கள். தோட்டத்து லயத்து வீட்டின் மங்கல் வெளிச்சத்தில் அதுவும் சரிவரவில்லை. நம்பர் மட்டும் ஒருநாளும் கைவிடவில்லை. ஆனால் பார்க்கிறபோதெல்லாம் நம்பரை அமுக்கி அமுக்கி எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

தலவாக்கலை டவுனுக்குப் பஸ் ஏறி ஒரு போன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பெண் போனை வாங்கி எதையோ தட்டினாள். அதற்கும் நம்பர் கேட்டது.

"நம்பரை நீங்களே போடுங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போட்டதும் 'விரல் 1', 'விரல் 2' என்று இரண்டு வரி வந்தது.

"பழசை அழிச்சிட்டுப் புதுசா பதிஞ்சிரலாம். இதுல எது ஒங்களோடது?"

"தெரியலயே."

"கட்டைவெரல வைங்க. ஒங்களோடது எதுவோ அது மின்னும்."

வைத்தேன். துடைத்து வைத்தேன். சேலையில் தேய்த்து வைத்தேன். ஒன்றும் மின்னவில்லை.

"சரி, ரெண்டையும் அழிச்சிருவோம்" என்று விரலைக் கொண்டுபோனாள்.

"தொடாத புள்ள!" என்று கத்திவிட்டேன்.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை, கோபம்தான் வந்தது. அவர் சட்டைகளைக் கொழுந்தனார் எடுத்துப் போய்விட்டார். செருப்பை நானே தூக்கிப் போட்டேன். மிச்சமிருப்பது போனுக்குள் கிடக்கிற அந்த விரல்தான். பார்க்க முடியாது, தொட முடியாது, அது வந்து எதையும் திறக்கப் போவதும் இல்லை. இருந்தாலும் அதை அழிக்க விட எனக்கு மனசு வரவில்லை.

"யாரோடதும்மா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோடது. அவரு இப்ப இல்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப ரெண்டும் இருக்கட்டும்மா. இன்னும் எடமிருக்கு. வெடிக்காத வெரலா ஒன்னு குடுங்க."

இடது கைச் சுண்டுவிரலைக் கொடுத்தேன். வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒருவழியாகப் பதிந்தது. பூட்டிவிட்டு வைத்துப் பார்த்தோம், உடனே திறந்தது.

தேத்தண்ணி குடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த முதலாளி, போனை எட்டிப் பார்த்தார். "மூணு வெரல் இருக்கே. எத்தன பேரும்மா பாவிக்கிறீங்க?"

"நான் ஒருத்திதாங்க" என்றேன். வாய்விட்டு அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.